கீபோட் வேசம் போட்ட கொன்ட்ரோலர்: ஒரு சிறு வரலாறு

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த கிழமை, தரம் எட்டில் படிக்கும் ஒரு மகன் இடைவேளையில் எம்மிடம் வந்து நின்றார். கையில் ஒரு பை. பைக்குள் வயர் இல்லாத கேம் கொன்ட்ரோலர் ஒன்று. பெருநாள் காசையெல்லாம் சேர்த்து வாங்கியதாம். "சேர், இதால உம்மாட போன் பழுதாப் போயிட்டு" என்றார். அழாத குறை.

விசாரித்தபோது கதை இதுதான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். வாப்பா கட்டாரில். கொன்ட்ரோலரைப் புளூடூத்தில் சேர்த்திருக்கிறார். "சேர்ந்துவிட்டது" என்று போனும் காட்டியிருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டைத் திறந்தாலும் கொன்ட்ரோலருக்கு அசைவே இல்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, உம்மா வாட்ஸ்அப்பைத் திறந்து எழுதப் போனால் எழுத்துப்பலகை மேலே வரவில்லை. வாப்பா கேட்டதற்கு இரண்டு நாட்களாகக் குரலில் மட்டுமே பதில். மாமா ஒருவர் "வைரஸ் ஏறிட்டு, போனை முழுசா ரீசெட் பண்ணணும்" என்றிருக்கிறார். போனில் நான்கு வருடப் படங்கள் இருக்கின்றன, எங்கேயும் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. வாங்கிய கடையிலோ பெட்டி உடைத்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொன்ட்ரோலருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கொன்ட்ரோலர் போனிடம் போய், "நான் ஒரு கீபோட்" என்று தன்னை அறிமுகப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான கீபோட் ஒன்று சேர்ந்துவிட்டால் திரையில் எழுத்துப்பலகை எதற்கு என்று போன் அதை மறைத்துவிட்டது. உம்மா எழுதப் போன நேரமெல்லாம் இந்த மகன் அடுத்த அறையில் பட்டன்களை அமத்திக் கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் அது விழித்து மீண்டும் போனோடு சேர்ந்துகொள்ளும்.

சரி, ஒரு விளையாட்டுச் சாமான் ஏன் கீபோட் என்று பொய் சொல்ல வேண்டும்? எமது ஆசிரியர் அறையிலும் இதே கேள்வி வந்தது. அதற்குப் பின்னால் இருபது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் இந்தச் சாமான்களை வாங்கும்போதும் சேர்க்கும்போதும் பாதிப் பிரச்சினை வராது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அடையாள அட்டை பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை கணினிக்கு ஒரு ஜொய்ஸ்டிக் வாங்கினால் அதற்கென்று ஒரு மென்பொருளையும் நிறுவ வேண்டியிருந்தது. யூஎஸ்பி வந்தபோது அதனோடு எச்ஐடி என்ற ஒழுங்கு ஒன்றும் வந்தது. மனிதர் கையால் இயக்கும் சாதனங்களுக்கான பொது விதி அது. சாதனம் கணினியோடு சேரும் அந்தக் கணத்திலேயே தன்னைப் பற்றிய ஒரு விபரச் சீட்டைக் கொடுத்துவிடும். "நான் கேம் கொன்ட்ரோலர். என்னிடம் இத்தனை பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். இரண்டு குச்சிகள் உண்டு, அவை பக்கவாட்டில் 0 இலிருந்து 255 வரை நகரும்." இப்படி எல்லாமே அந்தச் சீட்டில் இருக்கும். எமது தேசிய அடையாள அட்டையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறதோ, கணினி அதைத்தான் நம்பும். நேரில் பார்க்க அது என்ன உருவத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது.

புளூடூத் என்பது 1994 இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய வேலை. வயரில்லாமல் குறுகிய தூரத்துக்கு, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பேசிக்கொள்ளும் முறை. 2003 இல் புளூடூத்காரர்கள் யூஎஸ்பியின் அந்த அடையாள அட்டை முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வயர் இல்லாத கீபோட், மவுஸ், கேம் கொன்ட்ரோலர் எல்லாம் ஒரே மொழியில் தம்மை அறிமுகம் செய்ய முடிந்தது.

முடிந்தது என்றுதான் சொல்கிறோம். எல்லாரும் அதைச் சரியாகச் செய்யவில்லை.

2006 இல் நின்டெண்டோவின் வீ இயந்திரம் வந்தது. அதன் வெள்ளைநிற ரிமோட் உண்மையில் ஒரு புளூடூத் சாதனம். 1, 2 என்ற இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமத்தினால் அருகிலுள்ள எந்தப் புளூடூத் கருவிக்கும் கொஞ்ச நேரம் தென்படும். இதைக் கண்டுபிடித்தவர்கள் விடுவார்களா? கணினியில் சேர்த்தார்கள், பின்னர் அன்ட்ரொய்ட் போனிலும் சேர்த்தார்கள். ஆனால் வீ ரிமோட்டின் அடையாள அட்டை ஒரு வெற்று அட்டை. "நான் இத்தனை எழுத்து நீளத்தில் தகவல் அனுப்புவேன்" என்று மட்டும் இருக்கும். எந்த எழுத்து எந்தப் பட்டன் என்று ஒன்றும் இருக்காது. அதனால் அந்த மொழியைப் பிரித்தறிந்து போனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் தனிச் செயலி ஒன்று தேவைப்பட்டது. அது நன்றாகவே ஓடியது. 2012 இன் இறுதியில் அன்ட்ரொய்ட் 4.2 வந்தபோது கூகுள் தன் புளூடூத் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. செயலி நம்பியிருந்த கதவு மூடப்பட்டது. நேற்று வரை வேலை செய்த ரிமோட், போனைப் புதுப்பித்தவுடன் வேலை செய்யவில்லை. "அப்டேட் பண்ணினேன், பழுதாகிவிட்டது" என்று இன்றும் கேட்கிறோமே, அந்த முறைப்பாட்டின் மூத்த சகோதரன் இதுதான்.

அதே 2006 இல் வந்த பிளேஸ்டேஷன் 3 இன் கொன்ட்ரோலர் வேறு விதமான பிடிவாதக்காரன். அதைத் தேடிப் பிடிக்கவே ஏலாது, ஏனென்றால் "என்னைத் தேடுங்கள்" என்ற நிலையே அதற்கு இல்லை. வயரைக் கொண்டு இயந்திரத்தோடு இணைக்கும்போது அந்த இயந்திரத்தின் புளூடூத் முகவரி கொன்ட்ரோலருக்குள் எழுதப்படும். பிறகு அது அந்த ஒரே முகவரியைத்தான் கூப்பிடும். போனோடு சேர்க்க விரும்பியவர்கள் கணினியில் ஒரு சிறு மென்பொருளைக் கொண்டு அந்த முகவரியை அழித்துவிட்டுப் போனின் முகவரியை எழுதினார்கள். போனின் பூட்டையும் உடைத்து ரூட் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் பழைய சாமான் விற்கும் இடங்களில் இந்தக் கொன்ட்ரோலர் மலிவாகக் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். போனுக்கென்று வாங்குவதானால் வாங்க வேண்டாம்.

கீபோட் வேசத்தின் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. எமக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

2010 ஏப்ரல் முதலாம் திகதி, அமெரிக்காவில் திங்க்கீக் என்ற இணையக் கடை ஒரு பகிடி செய்தது. ஐபேட் அப்போதுதான் கடைக்கு வரவிருந்தது. அந்த ஐபேடை உள்ளே செருகினால் பழைய காலத்து ஆர்கேட் இயந்திரம் போல ஆகிவிடும் சிறு மரப்பெட்டி ஒன்றின் படத்தைப் போட்டு, ஐகேட் என்று பெயரும் வைத்தார்கள். குச்சியும் பட்டன்களும் முன்னால் இருக்கும். முட்டாள்கள் தினப் பகிடிதான், அப்படி ஒரு சாமான் இருக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் உண்மையிலேயே வாங்கக் கேட்டார்கள். அயன் என்ற நிறுவனம் அதை 2011 இல் செய்து விற்றது.

செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது ஆப்பிளின் சாதனங்கள் கேம் கொன்ட்ரோலர் என்ற அடையாள அட்டையையே ஏற்றுக்கொள்ளவில்லை. புளூடூத் வழியாக உள்ளே விடப்பட்ட கைச்சாதனம் கீபோட் மட்டும்தான். சரி, கீபோட் என்று சொல்லியே உள்ளே போவோம் என்று முடிவெடுத்தார்கள்.

அங்கேயும் ஒரு இடறல். விளையாட்டுக்கு இரண்டு செய்திகள் வேண்டும்: பட்டன் அமத்தப்பட்டது, பட்டன் விடப்பட்டது. வாகனம் ஓட்டும் விளையாட்டில் விரலை எடுக்கும் வரை வண்டி ஓட வேண்டும். ஆனால் அன்றைய ஐபேட், ஒரு செயலிக்கு "இந்த எழுத்து தட்டச்சு செய்யப்பட்டது" என்று மட்டும்தான் சொல்லும். விரல் எப்போது எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. ஐகேட் செய்தவர்கள் இதற்குக் கண்ட வழி மிக எளிமையானது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு எழுத்துகள். அமத்தும்போது ஒன்று, விடும்போது இன்னொன்று. குச்சிக்கு அவர்கள் கொடுத்த எழுத்துகள் இவை:

```
மேல்:   w  e
கீழ்:   x  z
இடம்:   a  q
வலம்:   d  c
```

முதல் எழுத்து அமத்தும்போது, இரண்டாவது விடும்போது. குச்சியை மேலே தள்ளினால் w போகும். விட்டால் e போகும். விளையாட்டை எழுதியவர் w வந்ததும் ஓட வைத்து, e வந்ததும் நிற்க வைப்பார். எட்டுப் பட்டன்களுக்கும் இதேபோல எட்டுச் சோடிகள். எல்லாமே சாதாரண கீபோட் எழுத்துகள். ஐபேடுக்கு யாரோ வேகமாகத் தட்டச்சு செய்வதாகத்தான் தோன்றும்.

இதில் ஒரு குறைதான் இருந்தது. இந்தச் சோடிகளை அறிந்து எழுதப்பட்ட விளையாட்டுகளில் மட்டுமே அது வேலை செய்யும். அட்டாரி நிறுவனத்தின் பழைய விளையாட்டுத் தொகுப்பு முதலில் ஏற்றுக்கொண்டது, பிறகு வேறு பலரும் சேர்ந்தார்கள். மற்ற நிறுவனங்கள் செய்த கொன்ட்ரோலர்களும் அதே எழுத்துச் சோடிகளை அனுப்பத் தொடங்கின. பகிடியாகத் தொடங்கிய மரப்பெட்டியின் எழுத்துகள் ஒரு ஊரறிந்த வழக்கமாகவே ஆகிவிட்டன.

எமது மகனின் பைக்குள் இருந்த மலிவுக் கொன்ட்ரோலருக்குள்ளும் அந்த மரப்பெட்டியின் பேய் இன்னும் குடியிருந்தது. இதை எப்படி உறுதிப்படுத்தினோம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

வேசம் தேவையில்லாத காலம் மெதுவாகத்தான் வந்தது. 2011 மே மாதம் வெளியான அன்ட்ரொய்ட் 3.1, கேம் கொன்ட்ரோலர் அட்டையை நேரடியாக ஏற்றுக்கொண்டது. யூஎஸ்பி வயரிலும் சரி, புளூடூத்திலும் சரி, பட்டனும் குச்சியும் விளையாட்டுக்கு நேரே போகும். ஆப்பிள் 2013 இல் ஐஓஎஸ் 7 உடன் கதவைத் திறந்தது, ஆனால் அரைக் கதவு. ஆப்பிளின் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட கொன்ட்ரோலர்களுக்கு மட்டுமே இடம். முதலில் வந்தவை நூறு டொலர் அளவில் விற்கப்பட்டன. எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எட்டாத விலை. வீட்டில் ஏற்கனவே கிடக்கும் பிளேஸ்டேஷன் 4 இன் கொன்ட்ரோலரை ஐபோனில் சேர்க்கலாம் என்ற நிலை 2019 செப்டம்பரில் ஐஓஎஸ் 13 உடன்தான் வந்தது. எக்ஸ்பொக்ஸின் கொன்ட்ரோலரும் அப்போதே சேர்ந்தது.

பழைய சாமான் வாங்குபவர்களுக்காக இங்கே இரண்டு குறிப்புகள். எக்ஸ்பொக்ஸ் வன் இயந்திரத்தோடு 2013 இல் வந்த கொன்ட்ரோலர்கள் வயர் இல்லாதவைதான், ஆனால் அவற்றில் புளூடூத் இல்லை. தமக்கென்று தனி அலைமுறை வைத்திருந்தன. புளூடூத் உள்ளவை 2016 இலிருந்து வந்தன. கையில் எடுத்துப் பார்த்தாலே பிரித்தறியலாம். நடுவிலுள்ள எக்ஸ் அடையாளப் பட்டனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். முகப்பின் பிளாஸ்டிக் தொடர்ந்து வந்து பட்டனைச் சூழ்ந்திருந்தால் அதில் புளூடூத் உண்டு. மேலே தோள்பட்டன்கள் இருக்கும் தனித் துண்டு கீழே இறங்கி வந்து பட்டனைச் சூழ்ந்திருந்தால் புளூடூத் இல்லை, எத்தனை தரம் தேடினாலும் போனில் தென்படாது. பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரில் ஷெயார் பட்டனையும் நடுவிலுள்ள பீஎஸ் பட்டனையும் ஒன்றாக அமத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு இரட்டை இரட்டையாக வேகமாக மின்னும் வரை விடக்கூடாது. போனின் பட்டியலில் அது `Wireless Controller` என்ற பெயரில் வரும். பீஎஸ் பட்டனை மட்டும் அமத்தினால் அது பழைய எஜமானைத்தான் தேடிக்கொண்டிருக்கும். "சேருதில்ல" என்று எம்மிடம் கொண்டுவரப்பட்ட கொன்ட்ரோலர்களில் இரண்டு, பக்கத்து அறையில் இருந்த பிளேஸ்டேஷனை அமைதியாக இயக்கிக் கொண்டிருந்தன!

கதவுகள் எல்லாம் திறந்த பிறகும் வேசம் ஏன் போகவில்லை? மலிவுக் கொன்ட்ரோலர் செய்பவர் ஒரே சாமானை எல்லாருக்கும் விற்கப் பார்க்கிறார். அன்ட்ரொய்டுக்கு ஒரு அட்டை, கணினிக்கு ஒரு அட்டை, நின்டெண்டோ சுவிட்சுக்கு ஒரு அட்டை, பழைய ஐபேடுக்கு அந்தக் கீபோட் அட்டை. எல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் போட்டுவிடுகிறார். எந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்பதைக் கொன்ட்ரோலரை ஒன் செய்யும்போது கூடவே அமத்தும் பட்டன் முடிவு செய்யும். உதாரணத்துக்கு, 8பிட்டூ நிறுவனத்தின் எஸ்என்30 புரோ கொன்ட்ரோலரில் ஸ்டார்ட்டோடு பி அமத்தினால் அன்ட்ரொய்ட், எக்ஸ் அமத்தினால் விண்டோஸ், வை அமத்தினால் சுவிட்ச். பெயரில்லாத கொன்ட்ரோலர்களில் பெரும்பாலும் ஹோம் பட்டனோடு இன்னொரு பட்டன். எது எதற்கு என்பது சாமானுக்குச் சாமான் மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னத் தாளில்தான் இருக்கும். பிள்ளைகள் முதலில் வீசுவதும் அந்தத் தாளைத்தான்.

இனி அந்த மகனின் விடயத்துக்கு வருவோம். தாள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அவர் உம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மறுநாள் வந்தார்.

முதலில் எமது சந்தேகத்தை உறுதி செய்துகொண்டோம். குறிப்பு எழுதும் செயலி ஒன்றைத் திறந்து வெற்றுப் பக்கத்தில் தொட்டோம். எழுத்துப்பலகை வரவில்லை. கொன்ட்ரோலரின் குச்சியை மேலே தள்ளிப் பிடித்தோம். பக்கத்தில் w என்று விழுந்தது. விரலை எடுத்தோம். e விழுந்தது. இடப்பக்கம் தள்ளினால் a, விட்டால் q. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. விளையாட்டில் குதிக்க வேண்டியவன் தாளில் ஆங்கிலம் எழுதிக் கொண்டிருக்கிறான். பதினைந்து வருடத்துக்கு முந்திய அந்த ஐகேட் எழுத்துகள் ஒன்றும் மாறாமல் இருந்தன.

உங்கள் வீட்டிலும் ஒரு கொன்ட்ரோலர் "சேர்ந்திருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை" என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். பட்டனை அமத்தும்போது எழுத்து விழுந்தால் அது கீபோட் வேசத்தில் இருக்கிறது. எழுத்து விழாமல், போனின் முகப்புத் திரையில் ஒரு கட்டம் படத்துக்குப் படம் நகர்ந்து, ஏ பட்டனுக்குச் செயலி திறந்து, பி பட்டனுக்குப் பின்னால் வந்தால் கொன்ட்ரோலர் சரியான அட்டையில்தான் இருக்கிறது. அப்போது பிரச்சினை விளையாட்டில். ஒன்றுமே நடக்காமல் திரையில் மவுஸ் அம்பு ஒன்று தோன்றினால் அது மவுஸ் வேசம்.

அடுத்து, போனின் புளூடூத் பட்டியலில் அந்தக் கொன்ட்ரோலரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தொட்டு `Forget` கொடுத்தோம். சில போன்களில் அது `Unpair` என்றிருக்கும். இதைத் தவறவிடக்கூடாது. சேரும்போது வாங்கிய அடையாள அட்டையைப் போன் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். கொன்ட்ரோலரை வேறு அட்டைக்கு மாற்றினாலும், சில போன்கள் பழைய பிரதியை வைத்தே பார்க்கும். பழையதை மறக்கச் சொன்னால்தான் புதிதாகக் கேட்கும். `Forget` கொடுத்த அந்த நிமிடமே உம்மாவின் எழுத்துப்பலகை திரும்பி வந்தது. மகனின் முகத்தில் இரண்டு நாள் பாரம் இறங்கியதைப் பார்த்தோம். ரீசெட்டும் இல்லை, படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கொன்ட்ரோலரை முற்றாக ஓப் செய்தோம். ஹோமோடு ஏ அமத்தி ஒன் செய்து, போனில் சேர்த்து, குறிப்புச் செயலியில் பார்த்தோம். மீண்டும் w. அது கீபோட் அட்டைதான். மறக்கச் செய்து, ஓப் செய்து, ஹோமோடு பி. இந்த முறை மவுஸ் அம்பு. மீண்டும் மறக்கச் செய்து, ஹோமோடு எக்ஸ். விளக்கு வேறு விதமாக மின்னியது. போனின் பட்டியலில் வந்த பெயரே முன்பிருந்ததிலிருந்து மாறியிருந்தது, கடைசியில் `Gamepad` என்று முடிந்தது. சேர்த்தோம். குச்சியைத் தள்ளியபோது முகப்புத் திரையில் கட்டம் நகர்ந்தது. மொத்தமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மறக்கச் செய்யாமல் அடுத்தடுத்துப் பட்டன்களை அமத்திப் பார்த்தால் எது எதனால் நடந்தது என்று தெரியாமல் குழம்பிப் போவோம்.

அந்த மகனுக்கு இன்னொரு ஏமாற்றம் மீதமிருந்தது. அவர் விளையாட நினைத்தது பப்ஜி மொபைல். சரியான அட்டையோடு சேர்ந்த கொன்ட்ரோலருக்கும் அது அசையவில்லை. போன் கொன்ட்ரோலரை ஏற்றுக்கொள்வது வேறு, விளையாட்டை எழுதியவர் ஏற்றுக்கொள்வது வேறு. பப்ஜி மொபைலில் கொன்ட்ரோலருக்கு இடமில்லை. கோல் ஒஃப் டியூட்டி மொபைல் 2019 நவம்பரிலிருந்து ஏற்றுக்கொள்கிறது, ஆனால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் போன்ற பெயர் தெரிந்த கொன்ட்ரோலர்களைத்தான் முறையாக ஆதரிக்கிறது. கொன்ட்ரோலர் வைத்திருப்பவர்களை அதே போன்றவர்களோடு சேர்த்தே ஆட விடுகிறது. குச்சியும் பட்டனும் உள்ளவருக்குக் கண்ணாடியில் விரல் தேய்ப்பவரோடு ஆடுவது நியாயமில்லை என்பதே காரணம். நியாயமான ஏற்பாடுதான். மைன்கிராஃப்ட் போன்றவை எந்தச் சிக்கலும் இல்லாமல் கொன்ட்ரோலருக்கு வேலை செய்யும்.

கொன்ட்ரோலர் பட்டனைத் திரைத் தொடுகையாக மாற்றிக் கொடுக்கும் செயலிகள் உண்டு, பெரிய பையன்கள் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். இதுவும் ஒரு வேசம்தான், இம்முறை விரல் வேசம். அப்படி ஆடுவதை ஏமாற்று என்று கண்டு கணக்கையே மூடிவிடும் விளையாட்டுகள் இருக்கின்றன. இரண்டு வருடமாகச் சேர்த்த கணக்கை அப்படி இழந்த பழைய மாணவர் ஒருவரை எமக்குத் தெரியும். கொன்ட்ரோலர் வாங்குமுன் அந்த விளையாட்டின் செட்டிங்ஸில் `Controller` என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வாங்குவது வீண்.

சுற்றி நின்றவர்களில் ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், கொன்ட்ரோலர் போனை ஏமாத்துற மாதிரி, போன் கொம்பியூட்டரை ஏமாத்த ஏலாதா?"

நல்ல கேள்வி. ஏலும். அதற்கும் வயது கொஞ்சம்தான் குறைவு. 2005 இல் வந்த சோனி எரிக்சன் கே750ஐ போனை எம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் புளூடூத் பட்டியலில் ரிமோட் கொன்ட்ரோல் என்று ஒன்று இருந்தது. கணினியோடு சேர்த்தால் போன் தன்னை ஒரு கைச்சாதனம் என்று அறிமுகம் செய்யும். கணினியில் எந்த மென்பொருளும் வேண்டாம். போனின் சின்னக் குச்சியால் கணினியின் அம்பை நகர்த்தலாம், பாட்டை மாற்றலாம், படக்காட்சியின் பக்கத்தைத் திருப்பலாம். எச்ஐடி அடையாள அட்டை புளூடூத்துக்கு வந்து இரண்டே வருடத்தில் இது நடந்தது.

பிறகு வந்த ஸ்மார்ட் போன்களில் இந்த வசதி ஏனோ காணாமல் போனது. போனைக் கொன்ட்ரோலராக்க வேண்டுமானால் போனில் ஒரு செயலியும் கணினியில் ஒரு செயலியும் போட்டு, இரண்டையும் ஒரே வைஃபையில் வைக்க வேண்டியிருந்தது. 2018 இல் அன்ட்ரொய்ட் 9 வந்தபோதுதான் செயலி எழுதுபவர்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது ஒரு செயலி, கணினியிடமோ ரிவி பெட்டியிடமோ "நான் கீபோட்" அல்லது "நான் கேம் கொன்ட்ரோலர்" என்று புளூடூத்தில் அட்டை நீட்டலாம். எதிர்ப்பக்கத்தில் எதையும் நிறுவத் தேவையில்லை. சில போன் நிறுவனங்கள் இதைத் தங்கள் போன்களில் அடைத்து வைத்திருக்கின்றன. செயலியைத் திறந்தவுடன் உங்கள் போனில் இது ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால் அதுதான் காரணம், செயலியை மாற்றிப் பயனில்லை.

பாடசாலைக் கணினி அறையில் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். எமது போன் கணினிக்குக் கேம் கொன்ட்ரோலராகப் போய் நின்றது. வேலையும் செய்தது. ஆனால் கண்ணாடியில் பட்டனுக்கு விளிம்பு இல்லை. திரையைப் பார்த்து ஆடும்போது கட்டைவிரல் மெல்ல மெல்லச் சறுக்கி வெற்றிடத்தை அமத்திக் கொண்டிருக்கும், குனிந்து பார்க்கும்போது ஆட்டம் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. பாடம் நடத்தும்போது படக்காட்சியின் பக்கம் திருப்ப மட்டும் இன்றும் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். அதற்கு நன்றாக இருக்கிறது.

அந்த மகன் இப்போது பப்ஜியை விட்டுவிட்டு மைன்கிராஃப்ட்டில் வீடு கட்டுகிறாராம். போன கிழமை கொன்ட்ரோலரை மீண்டும் கொண்டுவந்து காட்டினார். அதன் முதுகில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று, அதில் பேனையால் "ஹோம் + எக்ஸ்" என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவருடையதல்ல. உம்மா எழுதி ஒட்டியதாம்.